நாற்பத்தைந்து நிமிட ஒப்பந்தம்

மரக்காணத்தில் உப்பைச் சுத்தம் செய்து பாக்கெட் போடும் கம்பெனி ஒன்றில் லேப் பொறுப்பாளராக இருந்தேன். எம்.எஸ்ஸி. முடித்தபின் கிடைத்த முதல் வேலை. உப்பளத்திலிருந்து வரும் கல்லுப்பைக் கழுவி, அரைத்து, காயவைத்து, பெல்ட்டில் ஓடும்போது அயோடின் சத்துள்ள கரைசலை மேலே தெளித்து, ஒரு கிலோ பாக்கெட்டாக்கி லாரியில் ஏற்றுவார்கள். தெளித்தது போதுமான அளவில் உப்பில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துச் சீட்டு எழுதுவது என் வேலை. சீட்டு இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டாது. நான் சேர்ந்தபோது அங்கே இருந்த ஒரே சட்டம் அதுதான். அது காகிதத்தில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

லேபில் என்னைத் தவிர ஒருவர்தான். கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து வந்த அக்கா. சுனாமியில் வீட்டுக்காரரின் படகும் வலையும் போனபின் லேபர் கான்ட்ராக்டர் மூலமாக வேலைக்கு வந்தவர். கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவார், ஜன்னலில் வந்து சேரும் சாம்பிள்களை வாங்கி வந்த நேரத்தை எழுதிவைப்பார்.

புரொடக்‌ஷனுக்கும் எங்களுக்கும் தினமும் சண்டை. லாரிகள் வெயிலில் நிற்கும். டிரைவர்கள் கத்துவார்கள். பேக்கிங்கிலிருந்து யாராவது ஓடிவந்து ஜன்னலில் தலையை விட்டு, "இன்னும் ஆவலியாம்மா? அங்க திட்டு வாங்க முடியல" என்பார்கள். எங்கள் பக்கமும் சொல்ல நிறைய இருந்தது. எந்த லாட், அதாவது எந்தத் தடவை ஓட்டிய உப்பு, என்று எழுதாமல் சாம்பிள் அனுப்புவார்கள். காலை முழுக்க ஒன்றும் வராது. சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் மொத்தமாக வந்து குவியும்.

இரண்டாயிரத்து ஐந்தில் சென்னை ஆபீசுக்குப் புதிதாக ஒரு ஜெனரல் மேனேஜர் வந்தார். எங்களுக்கெல்லாம் அவர் ஜி.எம். அதற்கு முன் அவர் உப்பு சம்பந்தமான எதிலும் வேலை பார்த்ததில்லை. முதல் முறை ஃபேக்டரிக்கு வந்தபோதே இந்தச் சண்டை அவர் காதுக்குப் போய்விட்டது. என்னையும் புரொடக்‌ஷன் மேனேஜரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"புரொடக்‌ஷன்தான் லேபோட கஸ்டமர். கஸ்டமருக்கு எத்தனை நிமிஷத்துல ரிசல்ட் குடுப்பீங்க? அத எழுதுங்க. அவங்க உங்களுக்கு என்ன செய்யணும்? அதையும் எழுதுங்க. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. சர்வீஸ் லெவல் அக்ரிமெண்ட்னு பேரு. பெரிய கம்பெனியிலெல்லாம் இது இல்லாம ஒரு டிபார்ட்மென்ட்டு இன்னொரு டிபார்ட்மென்ட்டோட பேசறதே கெடையாது. எல்லாம் நம்பரா இருக்கணும். சீக்கிரம், கூடிய விரைவில், அந்தப் பேச்செல்லாம் வேணாம்."

புரொடக்‌ஷன் மேனேஜர் உப்பளக் குடும்பத்துக்காரர். என் அப்பாவைவிடச் சில வயது சின்னவராக இருப்பார். வெளியே வந்ததும் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "நம்ம ரெண்டு பேரும் பேசிக்க மாட்டேன்றோம்னு பத்திரம் எழுதச் சொல்றாரு" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. அவரோடு நான் முதன்முதலாகச் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், அந்த ஒப்பந்தத்தை எழுதிய வாரங்கள்தான் அந்தக் கம்பெனியில் நான் சந்தோஷமாக இருந்த காலம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கேன்டீன் மேஜையில் உட்காருவோம். அவர் வீட்டிலிருந்து வரும் கருவாட்டுக் குழம்பின் வாசனை மேஜையில் தங்கியிருக்கும். நான் பேப்பரை விரித்துவைத்துக்கொள்வேன்.

முதல் சண்டை, நேரம் எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்பது.

"மெஷின்ல சாம்பிள் எடுத்ததுலேர்ந்து" என்றார் அவர்.

"எடுத்துட்டு உங்க ஆளு டீ குடிக்கப் போனா, அதுவும் என் கணக்கா சார்?"

"அப்ப எங்கேர்ந்து?"

"லேப் ஜன்னல்ல அக்கா கையில குடுத்ததுலேர்ந்து."

யோசித்தார். "சரி. ஆனா நீ எடுத்து வேலைய ஆரம்பிக்கும்போது டைம் போடக் கூடாது. கையில வாங்கும்போதே போடணும்."

ஒப்புக்கொண்டேன். நியாயமாகத்தான் பட்டது. பேக்கிங்கில் இருந்த கடிகாரம் லேப் கடிகாரத்தைவிட முன்னால் ஓடுகிறது என்று அதற்கப்புறம்தான் கண்டுபிடித்தோம். இரண்டுக்கும் நேரம் சரிசெய்து வைப்பது யார் பொறுப்பு என்றுகூட ஒரு வரி எழுதினோம்.

அடுத்தது, எத்தனை நிமிஷம். அவர் அரை மணி கேட்டார். நான் ஒரு மணி கேட்டேன். கடைசியில் அவர், "நீ என்னதான் பண்றேன்னு பாக்கறேன் வா" என்று லேபுக்கே வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். உப்பை நிறுத்து, தண்ணீரில் கரைத்து, ஆசிடும் பொட்டாசியம் அயோடைடும் விட்டு, பிளாஸ்க்கை மூடி அலமாரிக்குள் வைத்தேன்.

"இது எதுக்கு உள்ள?"

"வெளிச்சம் படக் கூடாது சார். பத்து நிமிஷம் இருட்டுல இருந்தாத்தான் முழுசா அயோடின் வெளிய வரும். முன்னாடியே எடுத்தா கம்மியாக் காட்டும், நல்ல லாட்டையும் ஃபெயில் பண்ணிடுவேன்."

பத்து நிமிஷம் கழித்து எடுத்தபோது மஞ்சளாகியிருந்தது. பியூரெட்டிலிருந்து தயோசல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். மஞ்சள் வெளிறியதும் ஸ்டார்ச் சேர்த்தேன், கருநீலமானது. மேலும் சில சொட்டுகளில் நீலம் சட்டென்று மறைந்து தண்ணீர் போலாகிவிட்டது. அவர் எழுந்து நின்று பார்த்தார். "இத்தினி வருஷமா உப்புல கெடக்கறேன், இத நான் பாத்ததே இல்ல" என்றார்.

ஒரே நேரத்தில் நாலு பிளாஸ்க் வரை என்னால் சமாளிக்க முடியும் என்று அன்று அளந்து பார்த்தோம். நாலும் சேர்ந்து வந்தால் நாற்பது நிமிஷத்துக்குள் முடிந்தது. ஐந்தாவது வந்தால் அது அடுத்த சுற்றுக்குத்தான் போகவேண்டும். ஆகவே இப்படி எழுதினோம். ஒரு மணி நேரத்தில் நாலு சாம்பிளுக்கு மேல் புரொடக்‌ஷன் அனுப்பாது. அனுப்பினால், மிச்சத்துக்கு நேரம் அடுத்த மணியிலிருந்து தொடங்கும். லாட் எண் இல்லாத சாம்பிளுக்கு நேரம் ஓடாது. கரன்ட் போனால் தராசு வேலை செய்யாது, அந்த நேரம் கழிக்கப்படும். சீட்டு வரும்வரை லாட் நகராது. லேப் தன் பங்குக்கு நாற்பத்தைந்து நிமிஷத்தில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சாம்பிளுக்காவது, ரிசல்ட் தரும். தாமதமானால் எனக்கு முதலில் போன், அப்புறம் அவருக்கு, அதற்கு மேல் ஜி.எம்.முக்கு.

கடைசிப் பக்கத்தை எழுதி முடித்த அன்று அவர் வாசித்துக் காட்டச் சொன்னார். இங்கிலீஷில் இருந்ததை நான் தமிழில் சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக் கேட்டார். "நல்லாத்தாம்மா இருக்குது. ரெண்டு பேரு கையும் கட்டியிருக்குது" என்றார்.

ஒரு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து அச்சடித்து வந்தது. ஃபேக்டரி மீட்டிங் ரூமில் ஜி.எம். ஆளுக்கொரு பிரதி கொடுத்தார். அழகான தாள், கம்பெனி முத்திரை. நான் வழக்கம்போல் ஒவ்வொரு வரியாகப் படித்தேன்.

'ஒரு மணி நேரத்தில் நாலு சாம்பிளுக்கு மேல் அனுப்பாது' என்ற இடத்தில், 'பொதுவாக அனுப்பாது' என்று ஒரு சொல் சேர்ந்திருந்தது. மிச்சத்துக்கு நேரம் அடுத்த மணியிலிருந்து என்ற வரி காணாமல் போயிருந்தது. 'சீட்டு வரும்வரை லாட் நகராது' என்பதும் இல்லை. அதற்குப் பதிலாகப் புதிதாக ஒன்று. குறித்த நேரத்துக்குள் ரிசல்ட் வராவிட்டால் அந்த லாட் தேறியதாகவே கருதப்படும். அதற்குப் பிறகு வரும் ரிசல்ட் தகவலுக்காக மட்டும்.

இரண்டு தடவை படித்தேன்.

"சார், இது நாங்க எழுதினது இல்ல."

"இம்ப்ரூவ் பண்ணியிருக்கோம்" என்றார் ஜி.எம். "டைம் தவறினா என்ன ஆகும்னு நீங்க எழுதவே இல்லையே. விளைவு இல்லாத அக்ரிமெண்ட்டு என்ன அக்ரிமெண்ட்டு?"

"விளைவு எனக்கு இருக்கட்டும் சார். என் அப்ரைசல்ல கைவைங்க. உப்பு டெஸ்ட் ஆகாமப் போகக் கூடாதுல்ல?"

"நீங்க டைமுக்குக் குடுத்துட்டா இந்த வரிக்கு வேலையே இல்ல. நாற்பத்தஞ்சு நிமிஷம்னு சொன்னது நீங்கதானே? உங்க நம்பர் மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

குறைந்தபட்சம், நேரம் தாண்டிய லாட்டைச் சொட்டு மருந்துக் கிட்டில் ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று சொன்னேன். உப்பில் ஒரு சொட்டு விட்டால் நீலமாகிறதா என்று பேக்கிங்கில் இருப்பவர்களே பார்த்துவிடலாம், ஒரு நிமிஷ வேலை. ஒரு டெஸ்ட்டுக்குப் பதிலா ரெண்டு டெஸ்ட்டா என்று அவர் சிரித்தார். புரொடக்‌ஷன் மேனேஜரைப் பார்த்தேன். நாலு சாம்பிள் என்பது அவரும் சேர்ந்து அளந்தது. அவர் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று ஜி.எம். அவரைக் கேட்டார்.

"லாரி நிக்காம இருந்தா நல்லதுதான் சார்" என்றார்.

என் ஆட்சேபத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். குறித்துக்கொண்டார்களா, தெரியாது.

முதல் சில மாதங்கள் எல்லாமே நன்றாக நடந்தன. மாதா மாதம் சென்னைக்கு ஒரு அறிக்கை போகும். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு என்று பச்சை நிறத்தில் கட்டம் போட்டு வரும். ஜி.எம். போனில் பாராட்டினார். அந்த அறிக்கையில் எங்கள் நேரம் மட்டும்தான் இருந்தது. லாட் எண் இல்லாமல் வந்தவை எத்தனை, ஒரே மணியில் நாலுக்கு மேல் வந்தது எத்தனை தடவை, இதற்கெல்லாம் கட்டமே இல்லை. அதையும் போடலாமே என்று எழுதிக் கேட்டேன். அவை எண்ணுவதற்குக் கஷ்டமான விஷயங்கள், பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. அக்கா அவற்றைத் தினமும் எண்ணிக்கொண்டுதான் இருந்தார்.

அந்த வருடக் கடைசியில் மழை கொட்டித் தீர்த்தது. உப்பளங்களில் தண்ணீர் ஏறி, பாத்திகள் இருந்த இடம் ஏரியாகிவிட்டது. கல்லுப்பு வருவதே குறைந்தது. அதே சமயத்தில், அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்று மறுபடி சட்டம் வரப்போகிறது என்றார்கள். வியாபாரிகளெல்லாம் எங்களைப் போன்ற கம்பெனிகளை மொய்த்தார்கள். மழை விட்டுப் பாத்திகள் காய்ந்து உப்பு வர ஆரம்பித்ததும், விட்ட மாதங்களையெல்லாம் சேர்த்துப் பிடிப்பது போல மெஷினை ஓட்டினார்கள். சாம்பிள்கள் ஐந்தும் ஆறுமாகச் சேர்ந்து வந்தன. பச்சைக் கட்டம் மஞ்சளானது. வாரத்துக்கு ஒன்றிரண்டு லாட் தேறியதாகவே கருதப்பட்டு வெளியே போயின. அப்புறம் நான் பார்த்தபோது அவற்றில் குறை எதுவும் இல்லை. அதனால் யாருக்கும் பயம் வரவில்லை.

புரொடக்‌ஷன் மேனேஜரிடம் போய் நின்றேன்.

"சார், நாலுதான்னு நாமதான எழுதினோம்."

"பொதுவாகன்னு இருக்குதேம்மா" என்றார். சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது போலத் தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மேல இருந்து எனக்கும் டார்கெட்டு. நான் ஒண்ணு சொல்றேன், கேளு. அந்தம்மாகிட்ட சொல்லி, நீ பிளாஸ்க்கக் கையில எடுக்கறப்ப டைம் போடச் சொல்லு. எல்லாம் நாற்பத்தஞ்சுக்குள்ள வந்துடும். லாட்டும் ஒழுங்கா நிக்கும். யாரு பாக்கப் போறா?" என்றார்.

என் நல்லதுக்குத்தான் சொன்னார். லேபுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவர் பிப்பெட் கழுவிக்கொண்டிருந்தார்.

"நீயா சொன்னா எழுதறேன்மா" என்றார். "ஆனா வாங்கறப்ப எழுதணும்னு நீதான சொல்லிக் குடுத்த? நாளைக்கு எவனாவது கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

வேண்டாம் அக்கா, வாங்கும்போதே எழுதுங்கள் என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

அது நடந்தது கோடை ஆரம்பத்தில், ஒரு மத்தியானம். ஆறு சாம்பிள் ஒரே தட்டில் வந்தன. அக்கா ஆறுக்கும் ஒரே நேரத்தை எழுதினார். வந்த வரிசையில் நாலை முதலில் வைத்தேன். நாலும் தேறின. சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு மிச்சம் இரண்டையும் தராசில் நிறுத்தேன். வெளியே லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. அப்போதே நாற்பத்தைந்து நிமிஷம் தாண்டியிருந்தது.

ஐந்தாவது பிளாஸ்க்கை அலமாரியிலிருந்து எடுத்தபோது அதில் மஞ்சளே இல்லை. தண்ணீர் போல இருந்தது. ஏதோ ஊற்ற மறந்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடி நிறுத்து, மறுபடி செய்தேன். ஸ்டார்ச் விட்டபோது மங்கலாக ஒரு நீலம் தோன்றியது, ஒரே சொட்டில் போய்விட்டது. அந்த உப்பில் அயோடின் இல்லை என்றே சொல்லலாம். ஆறாவது சரியாகவே இருந்தது.

லோடிங் முற்றத்துக்கு ஓடினேன். புரொடக்‌ஷன் மேனேஜர் அடுத்த லாரிக்கு ஆள் பிரித்துக்கொண்டிருந்தார்.

"சார், அஞ்சாவது லாட்டு எங்க?"

"போயிடுச்சே. ஏன்?"

"அதுல அயோடினே இல்ல. தெளிக்கற நாசில் அடைச்சிருக்கணும். வண்டியத் திருப்புங்க சார்."

அவர் முகம் மாறியது. பெல்ட்டுப் பக்கம் பார்த்து ஆபரேட்டரைக் கத்திக் கூப்பிட்டார். நாசில் அடைத்துக்கொண்டது, குத்திச் சரிசெய்துவிட்டேன் என்று அவன் சாதாரணமாகச் சொன்னான். எவ்வளவு நேரம் அடைத்திருந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. மேனேஜர் உடனே டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்குப் போன் போட்டார். அதை நான் மறைக்கக் கூடாது. டிரைவரிடம் செல் இல்லை, வழியில் எங்காவது பூத்திலிருந்து அவராகக் கூப்பிட்டால்தான் உண்டு என்றார்கள். வண்டி திண்டிவனம் பக்கம் போய்க்கொண்டிருக்கும்.

"ஒரு பைக்க அனுப்புங்க. டோல்கேட்லயாவது பிடிக்கலாம்."

"ஜி.எம்.ம கேக்காம திருப்ப முடியாதும்மா. சரக்கு பில் ஆயிடுச்சு."

ஜி.எம்.முக்குப் போட்டார். பேசிவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"எத்தனை நிமிஷத்துல ரிசல்ட் வந்துச்சு?" என்பதுதான் ஜி.எம். கேட்ட முதல் கேள்வி.

"ரிப்பீட் பண்ணதால ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு சார். ஆனா அந்த உப்புல—"

"அப்ப அது தகவலுக்காக. அக்ரிமெண்ட் படி அந்த லாட் பாஸ். ஃபெயில் லாட்னு ஒண்ணு இல்லவே இல்ல. வண்டியத் திருப்பினா பார்ட்டிக்கு என்னன்னு சொல்றது?"

"திரும்ப ஹாப்பர்ல கொட்டித் தெளிச்சா அரை நாள் வேலை சார். யாருக்கும் நஷ்டமில்ல."

"உங்க தாமதத்துக்கு நான் அரை நாள் மெஷின நிறுத்தணுமா?"

போனை மேனேஜரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, "சரிங்க சார், சரிங்க" என்றார். பைக் போகவில்லை.

அந்த உப்பு மேற்கே ஒரு மலையூருக்குப் போயிற்று. சில வாரங்களில் அங்கே கடை ஒன்றில் உணவு ஆய்வாளர் எடுத்த பாக்கெட் அந்த லாட்டைச் சேர்ந்ததாக அமைந்தது. கம்பெனிக்கு நோட்டீஸ் வந்தது. கழுத்து வீங்கிய பெண்களை அந்தப் பக்கத்து ஊர்களில் நான் கல்லூரி நாட்களில் பார்த்திருக்கிறேன். அதைத் தடுக்கத்தான் இந்த அயோடின். ஒரு லாட்டினால் யாருக்கும் கழுத்து வீங்கிவிடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் பாக்கெட்டின் மேல் 'அயோடின் கலந்தது' என்று அச்சடித்து, வெறும் உப்பை விற்றிருக்கிறோம்.

விசாரணை அதே மீட்டிங் ரூமில் நடந்தது. ஜி.எம்., சென்னையிலிருந்து வந்த இன்னொருவர், மேனேஜர், நான், அக்கா. எல்லாரும் அமைதியாகப் பேசினார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. நாசில் அடைப்பு என்பது மெஷினில் சகஜம், அதைப் பிடிப்பதற்குத்தான் லேப் என்றார்கள். லேப் ஒத்துக்கொண்ட நேரத்துக்குள் பிடிக்கவில்லை. ஆக, தவறு எங்கே?

"ஆறும் சேர்ந்து வந்தது" என்றேன். "நாலுக்கு மேல அனுப்பக் கூடாதுன்னு இருக்கு."

"பொதுவாகன்னு இருக்கு" என்றார் சென்னையிலிருந்து வந்தவர். அவர் கையில் தாள் இருந்தது. "அதிகமா வந்தா லேப் வாங்க மறுக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்லையே. ஏன் வாங்கினீங்க?"

அந்தக் கேள்வி அக்காவைப் பார்த்து.

"குடுத்தாங்க, வாங்கினேன்" என்றார் அக்கா.

"நாலு வாங்கிட்டு ரெண்டைத் திருப்பியிருந்தா இந்த லாட்டுக்கு டைமே ஆரம்பிச்சிருக்காது. அந்தம்மா ஆறுக்கும் ஒரே டைம் போட்டு வாங்கியிருக்காங்க. பொறுப்பில்லாம."

"ஆறும் அந்த நேரத்துக்குத்தாங்க வந்துச்சு" என்றார் அக்கா. அந்த வாக்கியத்தில் என்ன குற்றம் என்று அவருக்குப் புரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

புரொடக்‌ஷன் மேனேஜரிடம், நடைமுறைப்படிதான் லாட்டை அனுப்பினீர்களா என்று கேட்டார்கள்.

"ஆமாங்க. அக்ரிமெண்ட் படிதான்."

"லேபோட சேர்ந்து இந்த நேரத்தை முடிவு பண்ணினது நீங்கதானே?"

"ஆமாங்க. நானே கூட இருந்து பாத்தேன். நாற்பது நிமிஷத்துல முடிஞ்சுது."

எத்தனை சாம்பிள் வைத்துப் பார்த்தோம் என்பதை அவராகச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நான் சொன்னேன். நான் சொன்னது என் பக்கத்துச் சமாதானமாகப் பதிவானது.

மறுநாள் அக்கா வரவில்லை. இனி அனுப்ப வேண்டாம் என்று கான்ட்ராக்டரிடம் சொல்லியிருந்தார்கள். கம்பெனி ஆள் இல்லை என்பதால் மெமோ கூடக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு மெமோ வந்தது. பதில் எழுதினேன். பதிலுக்குப் பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்காவின் குப்பத்துக்குப் போனேன். வாசலில் மீன் காயவைத்துக்கொண்டிருந்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பையனிடம் எனக்குக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார்.

"நேரத்த மாத்தி எழுதியிருந்தா இருந்திருப்பேனாம்மா?" என்று கேட்டார்.

"இருந்திருப்பீங்க."

"அப்படியா" என்றார். கோபப்படவில்லை. அடுத்த வேலைக்கு அதைத் தெரிந்துவைத்துக்கொள்கிறவர் போலத் தலையாட்டினார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

நான் ராஜினாமா கொடுத்தேன். நோட்டீஸ் காலத்தில் ஜி.எம். கூப்பிட்டு, ஒப்பந்தத்தைத் திருத்தித் தரச் சொன்னார். இந்தத் தடவை முப்பது நிமிஷம் வேண்டும், அதற்காக லேபுக்கு இன்னொரு கெமிஸ்டை எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஆள் கேட்டு நான் எழுதிய கடிதங்களெல்லாம் அதுவரை பதிலில்லாமல் கிடந்தன. தேறியதாகக் கருதப்படும் என்ற வரியை எடுத்தால் எழுதுகிறேன் என்றேன். அந்த வரி இருந்ததால்தான் நோட்டீஸுக்குப் பதில் சொல்லிக் கம்பெனி ஓரளவு தப்பித்தது, நடைமுறை ஒன்று இருந்தது என்று காட்ட முடிந்தது என்று வக்கீல் சொன்னாராம். ஆகவே அது இருக்கும். நான் எழுதவில்லை. வேறு யாரோ எழுதினார்கள்.

கடைசி நாள் ஈ.சி.ஆர். பஸ் ஸ்டாப்பில் பாண்டிச்சேரி பஸ்ஸுக்கு நின்றபோது புரொடக்‌ஷன் மேனேஜர் தன் வண்டியை ஓரம் கட்டி இறங்கி வந்தார்.

"அன்னிக்கே நீ ஒரு மணி நேரம்னு பிடிவாதமா நின்னிருக்கலாம்மா" என்றார். "நான் விட்டுக் குடுத்திருப்பேன்."

ஒரு மணி நேரம் என்று இருந்தால் எட்டு சாம்பிள் அனுப்பியிருப்பார்கள். அவருக்கும் அது தெரியும். சொல்வதற்கு வேறு ஒன்றும் கிடைக்காமல்தான் அதைச் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை.

"அக்காவுக்குப் பேக்கிங்ல ஒரு வேலை போட்டுக் குடுங்க சார்" என்றேன். "உங்களால முடியும்."

"பாக்கறேன்" என்றார்.

எத்தனை நாளில் என்று நான் கேட்கவில்லை. பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன். அவர் போட்டுக் கொடுக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அக்கா கூனிமேட்டில் கருவாட்டு மண்டி ஒன்றில் சேர்ந்துவிட்டார்.